கத்திப்பாராவும் சோழிங்கநல்லூரும்: வழி மாறும் இரண்டு பயணங்கள்

செயலி காட்டிய கோட்டை விட்டு வாடகை வண்டி விலகும்போது எல்லாருக்கும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: உடனே அவசர பட்டனை அழுத்துங்கள். எல்லா விலகலும் ஒன்றல்ல. சென்னையின் இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும்.

முதலாவது, பகலில் வடபழனியிலிருந்து விமான நிலையம். நூறடி சாலை வழியாக வரும் வண்டி கத்திப்பாரா மேம்பாலத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்க வேண்டும். அங்கே நான்கு திசைச் சாலைகள் வளைவுகளால் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வளைவைத் தவறவிட்டால் வண்டி பூந்தமல்லி சாலையில் இறங்கி நந்தம்பாக்கம் பக்கம் போய்விடும். வருடக்கணக்காக ஓட்டுகிறவருக்கும் இது நேரும்.

இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கைபேசியை. பாலத்தின் அடியிலும் அடுக்குச் சாலைகளிலும் ஜி.பி.எஸ். புள்ளி பக்கத்துச் சாலைக்குத் தாவும். வண்டி சரியாகப் போனாலும் திரையில் வழி தவறியதுபோல் தெரியும். ஆகவே வெளியே உள்ள வழிகாட்டிப் பலகையைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும்: "அண்ணா, ஏர்போர்ட்டுக்கு ஜி.எஸ்.டி. ரோடுதானே? இது பூந்தமல்லி ரோடு மாதிரி இருக்கே?" தவறவிட்டவர் பெரும்பாலும் உடனே ஒப்புக்கொண்டு, எங்கே திரும்புவார் என்று சொல்லிவிடுவார். அப்போது நாம் செய்யக்கூடாத ஒன்று உண்டு: விமானத்துக்கு நேரமாகிறது என்று அவரை அவசரப்படுத்துவது. வளைவில் பின்னோக்கி எடுப்பதும் எதிர்த்திசையில் நுழைவதும், இழந்த சில நிமிடங்களைவிடப் பல மடங்கு ஆபத்தானவை. அடுத்த யூ டர்ன் வரை போகட்டும்.

இரண்டாவது, இரவு பதினொரு மணிக்குச் சிறுசேரியிலிருந்து வேளச்சேரி. ஓ.எம்.ஆரில் வடக்கே வரும் வண்டி சோழிங்கநல்லூர் சந்திப்பில் நேரே போக வேண்டும் என்கிறது செயலி. ஓட்டுநர் இடப்பக்கம் திரும்பினால் மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரிக்குப் போய்ச் சேரலாம். மெட்ரோ பணியின் நெரிசலைத் தவிர்க்கச் சிலர் தெரிந்தே அப்படிப் போவார்கள். வலப்பக்கம் திரும்பினால் வண்டி அக்கரை வழியாக ஈ.சி.ஆருக்குப் போகிறது. வேளச்சேரிக்கு அந்தத் திசையில் போகக் காரணமே இல்லை.

ஆக, கோட்டை விட்டு விலகியதா என்பதைவிட, விலகிய பிறகு போகுமிடம் நெருங்குகிறதா என்பதே முக்கியமான கேள்வி. நம் கைபேசியிலுள்ள வரைபடத்தில் போகுமிடத்தைத் தனியே போட்டுப் பார்க்கலாம். கத்திப்பாராவில் மீதி நேரம் ஒருமுறை கூடி, யூ டர்னுக்குப் பிறகு குறையத் தொடங்கும். அக்கரைப் பக்கம் போகிற வண்டியில் அது கூடிக்கொண்டே போகும். அதோடு ஓட்டுநர் பதில் சொல்லாமல் வேகம் எடுத்தாலோ, "ட்ரிப்பை கேன்சல் பண்ணிடுங்க, நானே விட்டுடறேன்" என்றாலோ சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்தக் கடைசி வார்த்தைதான் பலருக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. செயலியிலிருந்து வீட்டாருக்கு அனுப்பும் பயணப் பகிர்வு, பயணம் நடக்கும்வரைதான் இயங்கும். ரத்து செய்தாலோ, ஓட்டுநர் பயணத்தை முடித்துவிட்டாலோ அது நின்றுபோகும்; வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரவுப் பயணத்தில் வாட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடத்தையும் ஒரு மணி நேரத்துக்கு அனுப்பி வைப்பது நல்லது. அது வண்டியின் செயலியை நம்பி இல்லை. 2014 டிசம்பரில் டெல்லியில் கண்ணயர்ந்துவிட்ட பெண் பயணி ஒருவரை ஓட்டுநர் வேறிடம் கொண்டுபோய் வன்கொடுமை செய்த பிறகுதான் இந்தியாவில் அவசர பட்டன் போன்ற ஏற்பாடுகள் வேகம் பெற்றன. ஆனாலும் பயணி விழித்திருந்து கவனிப்பதற்கு அவை ஈடாகாது.

அக்கரைப் பக்கம் திரும்பிய வண்டியில் ஒரே ஒரு முறை உரக்கக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விவாதம் வேண்டாம். ஓட்டுநர் காதில் விழும்படி வீட்டுக்குப் போன் போட்டு வண்டி எண்ணையும் கடக்கும் இடத்தையும் சொல்லுங்கள். வெளிச்சமும் ஆளும் உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லுங்கள். இருட்டான இடத்தில் இறங்கக் கூடாது. அவர் நிறுத்தாவிட்டால் அந்த நொடியே செயலியின் அவசர பட்டன், அல்லது 112. கத்திப்பாராவில் அவசியமில்லாத அதே பட்டனை இங்கே அழுத்தத் தயங்கினால், நேரம் போகப் போக உதவி வர வேண்டிய தூரம்தான் கூடும்.

பிறகு எழுதும் புகாரும் வேறு வேறு. சுற்றிப் போனதால் கட்டணம் கூடியிருந்தால், முதலில் காட்டிய தொகையின் ஸ்கிரீன்ஷாட்டோடு வழி, கட்டணம் பற்றிய பிரிவில் கேட்கலாம். ஓட்டுநரோடு தெருவில் சண்டை வேண்டாம். சோழிங்கநல்லூரில் நடந்ததை அந்தப் பிரிவில் எழுதினால் கொஞ்சம் பணம் திரும்பி வருவதோடு விஷயம் முடிந்துவிடக்கூடும். பத்திரமாக வீடு சேர்ந்திருந்தாலும் அதைப் பாதுகாப்புப் பிரிவில்தான் எழுத வேண்டும்: எந்தச் சந்திப்பு, எத்தனை மணி, எந்தப் பக்கம் திரும்பினார், கேட்டதற்கு என்ன சொன்னார் என்பதோடு.