தகவமைப்புக் கோளாறும் பெரும் மனச்சோர்வும்: வேறுபாட்டின் வரலாறும் பதிவேட்டில் அதை நிறுவும் முறையும்

வேலையிழப்பு, மணமுறிவு, கடன், கடும் நோய் போன்ற இன்னதென்று சுட்டக்கூடிய ஒரு நெருக்கடிக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒருவருக்கு உண்டாகும் மனத்துயரையும் அன்றாடச் செயல்பாட்டுக் குறைவையும் மனநல மருத்துவம் தகவமைப்புக் கோளாறு என்று குறிக்கிறது; மருத்துவமனைகளில் இது ‘அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர்’ என்றே வழங்கி வருகிறது. ‘மேஜர் டிப்ரஷன்’ எனப்படும் பெரும் மனச்சோர்வோ, நிகழ்வைக் கொண்டு அல்லாமல், குறைந்தது 2 வாரம் விடாமல் நீடிக்கும் குறிகளின் தொகுதியைக் கொண்டு வரையறுக்கப்படுவது. அதற்கு முன் துயர நிகழ்வு ஒன்று நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை என இரண்டும் தொடக்கத்தில் ஒரே முகத்தோடு வருவதால், ஒரு பேரிழப்புக்குப் பின் வரும் நோயாளிக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதும், அம்முடிவுக்கான ஆதாரத்தைப் பதிவேட்டில் எப்படிக் காட்டுவது என்பதும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன.

இவ்விவாதத்தின் வேர் ஜெர்மானிய உளவியல் மருத்துவத்தில் இருக்கிறது. கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் வெளியிட்ட ‘பொது மனநோயியல்’ என்னும் நூலில், ஒரு மனநிலையை எதிர்வினை என்று சொல்ல வேண்டுமானால் அந்த நிகழ்வு இல்லாமல் அது தோன்றியிருக்கக் கூடாது, அதன் உள்ளடக்கம் நிகழ்வோடு புரிந்துகொள்ளத்தக்க வகையில் இணைந்திருக்க வேண்டும், நிகழ்வின் தாக்கம் நீங்கும்போது அதுவும் தணிய வேண்டும் என்ற அளவுகோல்களை வகுத்தார். இவற்றுள் இரண்டாவது அளவுகோல் கேட்பதற்கு இயல்பாக இருந்தாலும் பிற்காலத்தில் பெருந்தவறுகளுக்கு அதுவே வழிவிட்டது. ஏனெனில் ஒரு துயரம் ஏன் வந்தது என்பது புரிந்துவிட்டால், அது எவ்வளவு கடுமையானது என்று அளக்காமலே விட்டுவிடும் பழக்கம் அதிலிருந்து பிறந்தது. உள்ளிருந்து எழும் சோர்வு, வெளிக் காரணத்தால் வரும் சோர்வு என்ற பிரிவை 1930களில் லண்டனில் ஆப்ரி லூயிஸ் மறுத்தார்; பின்னர் நியூகாசில் நகர ஆய்வாளர்கள் அதை மீட்டெடுக்க முயன்றனர்; வழக்கு தீராமலே இருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம் 1952இல் முதன்முதலாக வெளிவந்தபோது, இத்தகைய நிலைகள் ‘சூழ்நிலை சார்ந்த தற்காலிகக் கோளாறுகள்’ என்ற தலைப்பில் வயதுவாரியாகத் தொகுக்கப்பட்டன; 1968இன் இரண்டாம் பதிப்பும் ஏறத்தாழ அதே போக்கைத் தொடர்ந்தது. ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980இல் வந்த மூன்றாம் பதிப்புதான் ‘தகவமைப்புக் கோளாறு’ என்ற இன்றைய பெயரைத் தந்து, நெருக்கடி நிகழ்ந்த 3 மாதங்களுக்குள் குறிகள் தொடங்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அதே பதிப்பு பெரும் மனச்சோர்வைக் காரணம் பாராமல் குறிகளை எண்ணி முடிவுசெய்யும் முறைக்கு மாற்றியது என்பது இங்கே முக்கியமானது. ஒன்று காரணத்தால் வரையறுக்கப்பட்டது, மற்றொன்று காரணத்தைக் கேட்கவே இல்லை. இரண்டும் ஒரே நோயாளியிடம் மோதும்போது எது முந்தும் என்பதற்கு, வேறு எந்தக் கோளாறின் வரையறையும் நிறைவேறாதபோது மட்டுமே தகவமைப்புக் கோளாறு என்று சொல்லலாம் என்ற விதி விடையாக அமைந்தது. அவ்விதி இன்றுவரை மாறவில்லை. கால எல்லை மட்டும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு, 1994 முதல், நெருக்கடியும் அதன் பின்விளைவுகளும் முடிந்தபின் 6 மாதங்களுக்கு மேல் குறிகள் நீடிக்கக் கூடாது என்று நிலைபெற்றது.

ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்திய ஆய்வை 1978இல் நூலாக வெளியிட்டு, முழு அளவிலான மனச்சோர்வுக்கு முன்பும் கடுமையான வாழ்க்கை நிகழ்வுகள் அடிக்கடி நிகழ்ந்திருப்பதைக் காட்டினர். நிகழ்வு இருப்பதே தகவமைப்புக் கோளாறுக்குச் சான்று என்று எவரும் வாதிட முடியாத நிலையை அந்நூல் உண்டாக்கியது. ஆயினும் மரணத் துக்கத்துக்கு மட்டும் ஒரு விலக்கு தொடர்ந்தது. நெருங்கியவர் இறந்து 2 மாதங்களுக்குள் தோன்றும் சோர்வைப் பொதுவாகப் பெரும் மனச்சோர்வாகக் கொள்ள வேண்டியதில்லை என்று 1994இன் பதிப்பு கூறியது. வேலையிழப்புக்கும் மணமுறிவுக்கும் இல்லாத விலக்கு சாவுக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு இருவகையாகப் பதில் சொல்லலாம். ஆலன் ஹார்விட்ஸ், ஜெரோம் வேக்ஃபீல்டு இருவரும் 2007இல் எழுதிய நூலில் விலக்கை எல்லா இழப்புகளுக்கும் விரிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றனர். 2013இன் ஐந்தாம் பதிப்போ விலக்கையே நீக்கிவிட்டு, இயல்பான துயரையும் நோயையும் பிரித்தறியும் பொறுப்பை மருத்துவரின் தீர்ப்பிடம் ஒப்படைத்தது. பதிவேட்டில் காரணம் எழுத வேண்டிய கடமையும் அதனோடு சேர்ந்து கனத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு ஏடான ஐசிடி சற்று வேறு வழியில் சென்றது. அதன் பதினோராம் திருத்தம் 2022 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நெருக்கடியைப் பற்றிய ஓயாத சிந்தனையிலும் கவலையிலும் மனம் சிக்கிக்கிடப்பதும், வாழ்க்கையோடு ஒத்துப்போக இயலாமையும் தகவமைப்புக் கோளாறின் நேர்க்குறிகளாக ஏற்கப்பட்டன. குறிகள் வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். முன்பு ‘வேறு எதுவும் இல்லை’ என்பதால் மட்டும் நின்ற கண்டறிதலுக்கு இதனால் தனக்கென ஓர் அடையாளம் கிடைத்தது. பதிவேடு எழுதுவோர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்றும் உண்டு: F43.21 என்ற குறியீடு உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்தத்தில் நீடித்த மனச்சோர்வு எதிர்வினையையும், அமெரிக்காவில் வழங்கும் பத்தாம் திருத்தத்தின் வடிவத்தில் சோர்வு மனநிலையுடன் கூடிய தகவமைப்புக் கோளாறையும் குறிக்கிறது. ஆகையால் குறியீட்டை மட்டும் எழுதி நிறுத்தாமல், எந்த ஏட்டின் எந்தப் பதிப்பு என்பதையும் நோயின் பெயரையும் சேர்த்தெழுதுவதே பிழையற்றது.

பதிவு முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மருத்துவரான லாரன்ஸ் வீட் 1968இல் முன்வைத்த, பிரச்சினைகளை மையமாகக் கொண்ட பதிவேட்டு முறை, நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, அவற்றிலிருந்து எட்டிய மதிப்பீடு, அடுத்த திட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துகிறது. மனநலக் கேஸ் ஷீட்டுகளில் அடிக்கடி விடுபடுவது மூன்றாவது பகுதிக்கும் முதல் இரண்டுக்கும் இடையிலான பாலம்தான். ‘வேலை போனது, அதனால் கவலை, தகவமைப்புக் கோளாறு’ என்ற வரியில் நிகழ்வும் பெயரும் இருக்கின்றனவே தவிர அளவீடு இல்லை. பிஎச்கியூ-9 என்னும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 14 மதிப்பெண் என்று குறித்துப் பெரும் மனச்சோர்வு என்று முடிப்பதும் அதே குறையின் மறுபக்கமே. 27க்கு மதிப்பிடப்படும் அப்படிவம் கடந்த 2 வாரத் தொல்லைகளைத் துப்புத் துலக்க உதவுகிறதே ஒழிய, குறியின் தன்மையையோ முன்பு மிகையெழுச்சி நிலை இருந்ததா என்பதையோ கேட்பதில்லை.

விளக்கத்துக்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டில், 41 வயது லேத் தொழிலாளி ஒருவர் ஜனவரி 31 அன்று தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழக்கிறார். பிப்ரவரி 8 முதல் தூக்கம் கெடுகிறது. மார்ச் 6 அன்று முதல்முறையாக மருத்துவரிடம் வருகிறார். ‘மனசு சரியில்ல, படுத்தா லோன் நெனப்புதான் ஓடுது’ என்ற அவர் சொற்களை அப்படியே எழுதியபின், பெரும் மனச்சோர்வின் ஒன்பது குறிகளும் ஒவ்வொன்றாக விசாரித்துப் பதியப்படுகின்றன. துயரம் வாரத்தில் 3 அல்லது 4 நாள் வருகிறது, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த 2 நாளும் விலகியிருந்தது. மகனோடு கேரம் ஆடுவதில் ஆர்வம் குறையவில்லை. பசியும் 68 கிலோ எடையும் மாறவில்லை. இரவு ஒரு மணிவரை தூக்கம் வருவதில்லை, பகலில் அசதி இருக்கிறது. கவனம் சிதறினாலும் வீட்டுக் கணக்கை எழுத முடிகிறது. பேச்சிலும் நடையிலும் மந்தமோ பதற்றமோ இல்லை. தன்னைப் பயனற்றவராக எண்ணவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டதற்கு இல்லை என்கிறார், மனைவியும் அதையே சொல்கிறார். ஒன்பதில் தூக்கமின்மை, அசதி ஆகிய 2 குறிகளே தினந்தோறும் என்னும் அளவை எட்டுகின்றன; ஐந்து தேவை, அவற்றுள் இடைவிடாத சோர்வு அல்லது ஆர்வமின்மை ஒன்றேனும் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறவில்லை. ஆனால் கடன் பற்றிய ஓயாத சிந்தனையும், வேலை தேடுவதையே தள்ளிப்போடும் அளவுக்கான தடுமாற்றமும் இயல்பான கவலையின் எல்லையைத் தாண்டுகின்றன. மது, தைராய்டு நோய், முந்தைய மிகையெழுச்சி ஆகியவை இல்லை என்பதையும் சேர்த்து எழுதும்போதுதான் தகவமைப்புக் கோளாறு என்ற முடிவு ஆதாரத்தோடு நிற்கிறது. இல்லாத குறிகளை எழுதுவது இங்கே இருப்பவற்றை எழுதுவதற்குச் சமமான எடை உடையது. அவை பதியப்படாவிட்டால், அவை கேட்கப்பட்டனவா என்பதே பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.

அதே பதிவில், துயரம் நாள் முழுதும் விடாமல் 2 வாரம் நீடித்தால் கண்டறிதல் மறுபரிசீலனை செய்யப்படும் என்று எழுதி அடுத்த வருகைக்கு நாளும் குறிக்கப்படுகிறது. ஏப்ரல் 17 அன்று அவர் வரும்போது, 3 வாரமாக ஒவ்வொரு நாளும் சோர்வாகவே இருக்கிறார். கேரம் பலகையைத் தொடுவதில்லை. அதிகாலை 3 மணிக்கே விழித்துவிடுகிறார். எடை 63 கிலோ. பேச்சு தணிந்து மந்தமாகியிருக்கிறது. குடும்பத்துக்கே தான் பாரம் என்கிறார். புதிய பட்டறையில் வேலை உறுதியான செய்திகூட அவரை அசைக்கவில்லை. அசதியையும் சேர்த்தால் ஒன்பதில் 7 குறிகள் நிறைவேறுவதால், வேலையிழப்பே தொடக்கமாக இருந்தாலும் கண்டறிதல் பெரும் மனச்சோர்வாக மாறுகிறது. பழைய பதிவை அழிப்பதோ தவறென்று அடிப்பதோ முறையன்று; அன்று இருந்த ஆதாரம் அன்றைய முடிவுக்கும், இன்று இருப்பது இன்றைய முடிவுக்கும் பொருந்துகின்றன என்பதையே மாற்றக் குறிப்பு காட்ட வேண்டும்.

தகவமைப்புக் கோளாறு என்ற பெயர் மென்மையாக ஒலிப்பதால், நோயாளிக்கு அவப்பெயர் வராமலிருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அதைத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது. இந்த நல்லெண்ணம் ஆபத்தானது. இக்கோளாறு உள்ளவர்களிடமும் தற்கொலை நிகழ்கிறது, அதுவும் முதல் அறிகுறிக்கும் செயலுக்கும் இடையே குறுகிய கால அளவே இருப்பதுண்டு. ஆகவே தற்கொலை அபாயம் கண்டறிதலின் பெயரிலிருந்து ஊகிக்கப்படாமல் ஒவ்வொரு வருகையிலும் தனியே கேட்டு எழுதப்பட வேண்டியது. மறுபுறம், குறிகள் நிறையாதவருக்குப் பெரும் மனச்சோர்வு என்று எழுதினால், தேவைப்படாத மருந்து மாதக்கணக்கில் தொடரவும், பிரச்சினையைத் தீர்க்கும் பயிற்சி, குறுகியகால உளவியல் ஆலோசனை போன்றவை பின்தள்ளப்படவும் இடம் ஏற்படுகிறது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்பதிவுகளுக்குப் புதிய வாசகர் ஒருவரைச் சேர்த்தது. அதன் 25ஆம் பிரிவு தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கே அளிக்கிறது. 3ஆம் பிரிவு, மனநோய் உண்டா என்பதை ஐசிடியின் அண்மைப் பதிப்பு உள்ளிட்ட, ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே முடிவுசெய்ய வேண்டும் என்றும், முன்பு சிகிச்சை பெற்றிருப்பது மட்டுமே தற்போதைய அல்லது எதிர்கால முடிவுக்குப் போதிய காரணமாகாது என்றும் கூறுகிறது. ஆகவே மேற்கண்ட தொழிலாளி சில ஆண்டுகள் கழித்து வேறொரு இழப்புக்குப் பின் மீண்டும் வந்தால், பழைய கேஸ் ஷீட்டின் பெயரை எடுத்தாள்வது போதாது; முந்தைய மனச்சோர்வு, மீண்டும் வரக்கூடியது என்ற முன்வரலாறாக மட்டும் கணக்கில் கொள்ளப்பட்டு, ஒன்பது குறிகளும் தொடங்கிய நாளும் நீடித்த காலமும் புதிதாகவே விசாரிக்கப்பட்டு எழுதப்பட வேண்டும்.