இரண்டாவது குழாய்

தென் பிரான்சில் ரோன் நதிப் பக்கம் அராமோன் என்றொரு சிற்றூர். 1695-இல் அங்கே பிறந்த ஆன்றி பிட்டோவுக்குப் படிப்பு என்றாலே வேப்பங்காய். வீட்டார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் புத்தகத்தைத் தொடவில்லை. கொஞ்ச நாள் பட்டாளத்தில் சேர்ந்தான். அந்தச் சமயத்தில் கிரெனோபில் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் ஏதோ வடிவியல் புத்தகம் கையில் அகப்பட்டது. பாடத்தைக் கண்டு ஓடிய பையன் அந்தப் புத்தகத்தில் விழுந்தான். 1718-இல் பாரிஸ் வந்து, ரெயோமூர் என்ற பெரிய விஞ்ஞானியிடம் உதவியாளரானான். 1724-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்திலேயே இடம் கிடைத்தது. அடுத்த எட்டே வருடத்தில், அன்றைய நீரியல் நிபுணர்கள் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை அவர் ஆற்றில் முக்கி எடுத்துப் பொய்யாக்கப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

ஆற்றின் ஆழத்துக்குப் போகப் போக வேகம் கூடும் என்பதுதான் அந்த நம்பிக்கை. காரணம் இல்லாமலும் இல்லை. தொட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டால், எவ்வளவு தாழ்வாகப் போடுகிறோமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் பீறிடும். டோரிசெல்லி சொன்ன இந்தக் கணக்கை இத்தாலியப் பொறியாளர்கள் அப்படியே ஆற்றுக்கும் நீட்டிவிட்டார்கள். சரிபார்க்கத்தான் வழியில்லை. மிதவையை விட்டால் அது மேற்பரப்பின் வேகத்தைத்தான் காட்டும். இரண்டு ஆள் ஆழத்தில் தண்ணீர் என்ன வேகத்தில் போகிறது என்று யார் இறங்கிப் பார்ப்பது?

பிட்டோ இறங்கவில்லை. ஒரு மரச்சட்டத்தில் இரண்டு குழாய்களைப் பக்கம் பக்கமாகப் பொருத்தினார். ஒன்று நேர்க்குழாய். மற்றொன்றின் அடிப்பாகம் செங்கோணத்தில் வளைந்திருந்தது. சேன் ஆற்றில் அதை நிறுத்தி, வளைந்த வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பினார். வாய்க்குள் புகுந்த தண்ணீருக்கு மேற்கொண்டு போக வழியில்லை. அது நின்றது. நின்றபோது அதன் வேகம் உயரமாக மாறி, வளைந்த குழாயில் நீர்மட்டம் ஏறியது. நேர்க்குழாயில் ஆற்றின் மட்டமே தெரிந்தது. இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் போதும், அதே டோரிசெல்லி கணக்கைத் திருப்பிப் போட்டு வேகத்தைச் சொல்லிவிடலாம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வித்தியாசம். சட்டத்தைக் கீழே இறக்கினார். ஏறவேண்டிய வித்தியாசம் குறைந்தது. ஆழத்தில் ஆறு மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது! 1732 நவம்பர் 12 அன்று கழகத்தில் அவர் கட்டுரையைப் படித்தார். பழைய கோட்பாடு சரிந்தது. ஆனால் அவருடைய கருவிக்குள்ளேயே ஒரு கோளாறு உட்கார்ந்திருந்தது.

முதல் தொல்லை கண்ணுக்குத் தெரிந்தது. சிற்றலை அடிக்கும் ஆற்றில் 5 சென்டிமீட்டரைப் படிப்பது லேசல்ல. குழாய்களுக்குள் தண்ணீர் மேலும் கீழுமாகக் குதித்தது. இரண்டாவது தொல்லை சத்தமில்லாதது. எல்லோர் பார்வையும் இயல்பாகவே வளைந்த குழாயின் மேல் போகும். வேடிக்கை அங்கேதானே நடக்கிறது. தவறு நேர்க்குழாயில் இருந்தது. திறந்த வாயோடு கீழ்நோக்கி நிற்கும் குழாயின் விளிம்பில் ஓட்டம் உரசிப் போகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரைச் சற்று உறிஞ்சி இழுக்கும். மட்டம் உண்மையைவிடக் கீழே நிற்கும். வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். சும்மா நிற்பது போலத் தோன்றிய குழாய்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அது சொல்லவேண்டிய உண்மை எது என்பதற்கே அப்போது தெளிவான பெயர் இல்லை.

பெயர் வந்தது அதற்குப் பின்னால்தான். 1738-இல் டேனியல் பெர்னூலியின் நூல் வெளியானது. பிறகு ஆய்லர் அந்தக் கணக்கை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஓடும் நீரிலோ காற்றிலோ இரண்டு அழுத்தங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து துலங்கியது. ஓட்டத்தோடு ஓட்டமாக மிதந்து போகிறவனும் உணரக்கூடிய அழுத்தம் ஒன்று. அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நெருக்கும். அது நிலை அழுத்தம். ஓட்டத்தை எதிர்த்து நின்று, அதை முழுக்க நிறுத்தினால் உணரும் அழுத்தம் இன்னொன்று. ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே விரித்து நீட்டிய உள்ளங்கையில் படுகிற கூடுதல் தள்ளல் இந்த வகை. நிலை அழுத்தமும் இந்தக் கூடுதலும் சேர்ந்தது மொத்த அழுத்தம். வேகம் ஒளிந்திருப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் மட்டும்தான்:

v = √(2 × Δp / ρ)

Δp என்பது மொத்த அழுத்தத்திலிருந்து நிலை அழுத்தத்தைக் கழித்தது. ρ என்பது பாய்பொருளின் அடர்த்தி. வளைந்த குழாய் மொத்த அழுத்தத்தைச் சிரமமில்லாமல் பிடித்துவிடும். வாய் பத்து டிகிரி திரும்பியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஓட்டத்தைத் தொந்தரவு செய்யாமல் நிலை அழுத்தத்தைப் பிடிப்பதுதான் வித்தை. அந்த வித்தை கைகூட நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த ஆன்றி தார்சி 1850-களில் இதை எடுத்துக்கொண்டார். உடல்நலம் கெட்டிருந்தது, ஆனாலும் சோதனைகளை விடவில்லை. குழாய் வாயை நன்றாகச் சிறிதாக்கினார், அதனால் குதிப்பு அடங்கியது. இரண்டு குழாய்களின் தலைகளையும் இணைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சி, இரண்டு நீர்மட்டங்களையும் கண்ணுக்கு நேரே உயர்த்தினார். இரண்டும் ஒரே அளவு உயர்வதால் வித்தியாசம் மாறாது. கீழே ஒரு திருகு வால்வும் வைத்தார். அதை மூடிவிட்டால் மட்டங்கள் அப்படியே நிற்கும். கருவியை வெளியே எடுத்து நிதானமாகப் படிக்கலாம். ஆற்றங்கரையில் நிற்கிறவன் படும் பாட்டை அறிந்தவரின் கைவேலை அது. 1858 தொடங்கியவுடனே தார்சி இறந்துபோனார். தண்ணீருக்குக் கருவி தேறிவிட்டது. காற்றுக்கான கதை ஒரு தொழிற்சாலைக் குப்பையிலிருந்து தொடங்கியது.

1900-இல் லுட்விக் பிராண்டில் என்ற இளைஞர் ஜெர்மனியின் எம்.ஏ.என். ஆலையில் பொறியாளராகச் சேர்ந்தார். எந்திரங்களில் விழும் சீவல்களைக் காற்றோடு உறிஞ்சிக் குழாய் வழியே வெளியேற்றும் அமைப்பு ஒன்று அங்கே இருந்தது. அதைத் திருத்தும் வேலை அவர் தலையில் விழுந்தது. குழாய் படிப்படியாக விரியும் இடத்தில் காற்று வேகம் குறைந்து, நிலை அழுத்தம் ஏறவேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது. ஏறவில்லை. காற்று சுவரை விட்டுப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் குழாயை மாற்றிவிட்டுக் கணக்கை முடித்திருப்பார். பிராண்டிலுக்கு அந்த ஏறாத அழுத்தம் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான்கு வருடம் கழித்து, 1904-இல் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் பதில் சொன்னார். சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் காற்று உராய்ந்து தளர்கிறது. சுவரில் அதன் வேகம் சுழியம். எல்லைப்படலம் என்று பின்னாளில் புகழ்பெற்ற கருத்து இதுவே. அதன் ஓரத்தில் ஒரு சின்ன வரம் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் படலத்தைக் குறுக்கே கடக்கும்போது வேகம் மாறினாலும் அழுத்தம் மாறுவதில்லை. அதாவது சுவரில் ஒரு சிறு துளை போட்டால், அங்கே காற்று அசையாமல் இருந்தாலும், அந்தத் துளை படலத்துக்கு வெளியே ஓடும் காற்றின் நிலை அழுத்தத்தையே சொல்லும். துளை சுவருக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், உள் விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிட்டோவின் நேர்க்குழாய் சறுக்கிய இடம் இதுதான். ஓட்டத்துக்குள் நீட்டாமல், ஓட்டத்தை ஒட்டிய சுவராக நின்றிருக்க வேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் சுவர் பக்கத்தில் இருக்குமா? கோட்டிங்கனில் பிராண்டில் வடித்த வடிவம் சுவரையே கூடவே எடுத்துப் போனது. உருண்டை மூக்குள்ள ஒரு குழாய். மூக்கு நுனியில் ஒரு துளை மொத்த அழுத்தத்தை வாங்கும். அதைச் சுற்றி இன்னொரு குழாய். அதன் பக்கவாட்டில் துளைகள் நிலை அழுத்தத்தை வாங்கும். பக்கத்துளைகளின் இடத்தில்தான் சூட்சுமம். மூக்கைச் சுற்றி வளையும் காற்று அங்கே அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். பின்னால் நிற்கும் தண்டு சற்றுக் கூட்டும். ஒன்றை ஒன்று சரிக்கட்டும் இடமாகப் பார்த்துத் துளை போட்டார்கள்.

இன்று ஏ.சி. டக்டில் விரற்கடைத் துளை போட்டு மெக்கானிக் நுழைக்கும், ‘ட’ எழுத்துப் போல வளைந்த அந்த எஃகுக் குழாய் இதுதான். பிட்டோ குழாய் என்று பெயர்.

அதிலிருந்து அழுத்தமானிக்குப் போகும் இரண்டாவது ரப்பர் குழாய் இன்றும் பழைய வேலையைக் காட்டும். காற்றை உள்ளே தள்ளும் டக்ட் ஒன்றில், அறை அழுத்தத்தைவிட மொத்த அழுத்தம் 240 பாஸ்கல், நிலை அழுத்தம் 180 பாஸ்கல் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60, நீர்மட்டக் கணக்கில் வெறும் 6 மில்லிமீட்டர். காற்றின் அடர்த்தி 1.2 என்றால், 120-ஐ 1.2-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க, வேகம் வினாடிக்கு 10 மீட்டர். நிலை அழுத்தக் குழாயை மானியில் மாட்ட மறந்தால், மானி 240-ஐ அறையோடு ஒப்பிடும். கணக்கு 20 மீட்டர் என்று வரும். சரியாக இரண்டு மடங்கு பொய். உறிஞ்சும் பக்கத்து டக்டில் இந்த மறதி உடனே மாட்டிக்கொள்ளும்: மொத்தம் –190, நிலை –250 என்று இருக்கும். –190-க்கு வர்க்கமூலம் எடுக்க முடியாது. இரண்டையும் மாட்டினால் அங்கும் வித்தியாசம் அதே 60, வேகம் அதே 10.

அந்த 10 மீட்டரும் குழாய் மூக்கு நின்ற ஒரு புள்ளியின் வேகம்தான். நடுவில் அதிகம், சுவரோரம் குறைவு. ஆகவே வளைவுகளுக்குத் தள்ளி நேரான இடத்தில், டக்டின் குறுக்கே பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுக்கிறார்கள். வேகங்களைத்தான் சராசரி எடுக்க வேண்டும், அழுத்தங்களை அல்ல. ஒரு புள்ளியில் 10 மீட்டர், இன்னொன்றில் 6 மீட்டர் என்றால் சராசரி 8. அழுத்தங்களைச் சராசரி எடுத்துப் பிறகு மூலம் எடுத்தால் 8.25 வரும். சூடான காற்றுக்கு அடர்த்தியையும் மாற்ற வேண்டும்: 200 டிகிரி செல்சியஸில் அது 0.75 அளவுக்கு இறங்கிவிடுவதால், அதே 60 பாஸ்கலுக்கு வேகம் ஏறக்குறைய 12.6 மீட்டர்.

மெதுவான காற்றில்தான் இது தோற்கிறது. வேகம் பாதியானால் வித்தியாசம் கால்பங்காகிவிடும். 3 மீட்டர் வேகத்தில் மிஞ்சுவது 5.4 பாஸ்கல், நீரில் அரை மில்லிமீட்டர். அதற்குக் கீழே பிட்டோ குழாயை நம்புவதில் அர்த்தமில்லை. சூடான கம்பி அனிமோமீட்டரை எடுப்பதே சரி.