ஐம்பத்தைந்து சொற்களும் ஒரு வினைமுற்றும்

1987ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில், ‘நியூ டைம்ஸ்’ வார இதழை நடத்திவந்த ஸ்டீவ் மாஸ் ஒரு சிறுகதைப் போட்டியைத் தொடங்கினார். கதை 55 சொற்களைத் தாண்டக்கூடாது. ஆனால் களம், பாத்திரம், முரண், தீர்வு ஆகிய நான்கும் அதற்குள் அமைய வேண்டும். தலைப்பு கணக்கில் சேராது. அதற்கும் ஏழு சொல் என்ற எல்லை உண்டு. எதிர்பாராத முடிவு வேண்டும் என்று விதி எதுவும் கேட்கவில்லை. தீர்வுக்கு எஞ்சுவது பெரும்பாலும் கடைசி வரி மட்டுமே என்பதால், திருப்பமே அவ்வடிவத்தின் முகமாயிற்று.

சொல் என்பது எது என்பதையும் மாஸின் விதிகள் வரையறுத்தன. ஆங்கிலத்தில் சிறுகோடிட்டு இணைத்த சொற்கள் தனித்தனியே எண்ணப்பட்டன. சுருக்கி எழுதிய எதிர்மறை வினை ஒரே சொல்லாக ஏற்கப்பட்டது. எழுத்தாளர் சுஜாதாவின் வழியாக இவ்வடிவம் தமிழ் வாசகரிடையே பரவியபோது, 55 என்ற எண் வந்தது. இந்தக் கணக்கு வழக்கு உடன் வரவில்லை.

ஒரு சொற்றொடரை எடுத்துக்கொள்ளலாம்: “இரவெல்லாம் கண்விழித்து, கதவருகே காத்திருந்து, காலடியோசை கேட்டதும் துள்ளியெழுந்து, வாலையாட்டியது.” இதில் எட்டுச் சொற்கள். கண் விழித்து, காலடி ஓசை, துள்ளி எழுந்து, வாலை ஆட்டியது எனப் பிரித்தால் பன்னிரண்டு. பொருளில் மாற்றமில்லை, இடைவெளி மட்டுமே மாறியது. 55 சொல் கதையில் நான்கு சொல் என்பது ஒரு பாத்திரத்தின் நுழைவுக்குப் போதுமான இடம். சேர்த்தெழுதித் தப்பிப்பவரைப் போட்டி நடத்துபவர் எவ்விதியால் மறுப்பார்?

இதே தொடர் திருப்பத்தின் இலக்கணத்தையும் காட்டுகிறது. ஆங்கிலத்தின் இறந்தகால வினை பாலையோ திணையையோ காட்டாது. காத்திருப்பது மனைவியா நாயா என்பதை எழுவாயின் பெயரோடு மறைத்துவிடலாம். தமிழிலோ ‘காத்திருந்தது’ என்று முதல் வரியிலேயே முடித்தால் கதை அங்கேயே உடைந்துவிடும். மொழிபெயர்ப்பில் வரும் இத்தகைய கதைகள் பல சப்பென்று போவது இதனால்தான். ‘காத்திருந்தார்’ என்று எழுதுவதும் வழியாகாது: திரும்பப் படிப்பவர் அதனைப் பொய் என்றே உணர்வார். விழித்து, காத்திருந்து, எழுந்து போன்ற வினையெச்சங்கள் பொய் சொல்வதில்லை. திணையைச் சொல்லாமல் ஒத்திவைக்கின்றன. வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கும் மொழியாதலால், மறைத்ததை வெளியிடத் தனி வரிகூடத் தேவையில்லை. ‘ஆட்டியது’ என்பதன் ‘அது’ என்னும் விகுதியே போதும்.

ஒரு தடை உண்டு. எச்சங்களை ஏழெட்டு அடுக்கினால், எழுவாய் ஏன் இன்னும் வரவில்லை என்று வாசகர் கேட்கத் தொடங்கிவிடுவார்.