பூந்தமல்லிக்கு மைனஸ் 16 சதவீதம்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் நிற்கும். பூந்தமல்லி அந்தத் தடத்தில் இல்லை. இந்த மூன்று ஊர்களிலும் வேலைக்குப் போகிறவர்களிடம் ‘ரயிலில்தான் போகிறீர்களா?’ என்று கேட்டு, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று குறித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள தூரம் இந்தப் பதிலை எப்படி மாற்றுகிறது? கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.

நேர்கோட்டு நிகழ்தகவு மாதிரி, 0-வையும் 1-ஐயும் சாதாரண எண்களாகவே எடுத்துக்கொண்டு கோடு போடுகிறது:

p = 0.80 − 0.12 × கி.மீ.

ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரயில் ஏறும் வாய்ப்பு 12 சதவீதப் புள்ளி குறைகிறது. விளக்கவுரை தேவையில்லை, ஷேர் ஆட்டோ விடலாமா என்று யோசிக்கும் அதிகாரிக்கும் இது புரியும். ஆனால் 8 கி.மீ. தள்ளியிருக்கும் பூந்தமல்லி வீட்டுக்கு விடை −0.16. ஸ்டேஷன் வாசலிலேயே வீடு, வண்டியும் கிடையாது என்று இன்னொரு காரணியைச் சேர்த்தால் 1-ஐத் தாண்டிவிடவும் கூடும்.

லாஜிட் நிகழ்தகவை நேராகத் தொடுவதில்லை. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைத்தான் கோடாக்குகிறது:

ln(p/(1−p)) = 1.4 − 0.55 × கி.மீ.

இதில் 3 கி.மீ.க்கு விடை 0.44, நேர்கோடும் அதையேதான் சொல்கிறது. 8 கி.மீ.க்கு 0.05. வளைவு பூஜ்யத்தை நெருங்குமே தவிர தாண்டாது. முதல் கிலோமீட்டரிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் வாய்ப்பு சுமார் 13 புள்ளி சரியும். ஏழிலிருந்து எட்டுக்கு 3 புள்ளிதான். ஏற்கெனவே ரயிலை மறந்துவிட்டவருக்கு இன்னொரு கிலோமீட்டர் என்ன செய்யும்! நடைமுறைக்கு இதுதான் பொருத்தம். ஆனால் −0.55 என்ற எண்ணை அப்படியே யாரிடமும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் சரிவைக் கணக்கிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரி பெரும்பாலும் நேர்கோட்டின் சாய்வுக்கு அருகிலேயே வந்து நிற்கும். அதனால் சராசரி விளைவு மட்டும் போதுமென்றால் என் ஓட்டு நேர்கோட்டுக்கே. ஆனால் பிழையின் பரவல் p(1−p)-ஐப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அதற்கு ஈடுகொடுக்கும் திட்டப்பிழையைத்தான் போட வேண்டும். எந்த வீட்டார் ரயில் ஏறுவார் என்று வீடு வீடாகக் கணிக்க வேண்டுமென்றால் லாஜிட்.

எல்லை மீறல் நேர்கோட்டுக்கு எப்போதும் வருவதில்லை. தூரத்தை ‘1 கி.மீ.க்குள்’, ‘1 முதல் 3 வரை’, ‘அதற்கு மேல்’ என்று பிரித்து, அந்தப் பிரிவுகளை மட்டும் வைத்தால், கணிப்பு அந்தந்தப் பிரிவில் ஆம் சொன்னவர்களின் பங்கேதான். அது 0-க்கும் 1-க்கும் வெளியே போக வழியில்லை.

லாஜிட்டுக்கும் பூந்தமல்லியில் ஒரு சிக்கல் உண்டு. ஊருக்கென்று தனிக் குறி சேர்த்து, அங்கே கேட்ட அத்தனை பேரும் ‘இல்லை’ என்றிருந்தால், அந்தக் குறியின் கெழு மைனஸ் முடிவிலியை நோக்கி ஓடும். சில மென்பொருள்கள் அந்த ஊரையே கழித்துவிடும். மற்றவை −18 போன்ற கெழுவையும் ஆயிரக்கணக்கில் திட்டப்பிழையையும் அச்சிடும். எத்தனை பேரை வைத்துக் கணக்குப் போட்டது என்ற வரியைப் பார்த்தால் முதல் வகை பிடிபடும். நேர்கோடு அதே பூந்தமல்லிக்குச் சராசரியாக 0 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.