கோரிய தொகையும் கடன்பட்ட தொகையும்: பிரிவு 18-இன் வரலாறு

சரக்கை ஒப்படைத்து ரசீதும் பெற்றுவிட்ட ஒப்பந்ததாரருக்குப் பணம் வந்துசேரவில்லை. வேறோர் ஒப்பந்தத்தில் அவரால் தனக்கு இழப்பு நேர்ந்ததாகக் கூறி, வாங்கிய துறை அதை நிறுத்திவைத்திருக்கிறது. இழப்பு உண்மையில் நேர்ந்ததா, எவ்வளவு என்று எவரும் இன்னும் தீர்மானிக்கவில்லை. இத்தகைய பிடித்தம் செல்லுமா என்னும் கேள்வி, இந்திய அரசின் கொள்முதல் ஒப்பந்தங்களில் இடம்பெற்ற பொது நிபந்தனைகளின் பிரிவு 18-ஐ ஒட்டியே பெரிதும் வளர்ந்தது.

அதன் வேர் கடனுக்கும் இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. 1954-இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சக்ளா இதைத் தெளிவாக வரையறுத்தார். ஒப்பந்தத்தை மீறியவர் மீது அந்தக் கணமே கடன் ஏறிவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது வழக்குத் தொடரும் உரிமை மட்டுமே. நீதிமன்றம் மீறலை உறுதிசெய்து தொகையை நிர்ணயித்த பிறகே பணப்பொறுப்பு பிறக்கிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இதே போக்கில், பிரதிவாதி எதிரீடாகக் கழிக்கக் கேட்கும் தொகை திட்டமாக அறியப்பட்டதாக இருக்கவேண்டும் என்கிறது.

பிரிவு 18 இந்த எல்லையைத் தாண்டுகிறதா என்பதே 1974-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. இந்திய ஒன்றியத்துக்கும் ராமன் அயர்ன் ஃபவுண்டரி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. ஒப்பந்ததாரருக்கு எதிராகக் கோரிக்கை எழுந்தால் அத்தொகையைப் பிணையத்தொகையிலிருந்தும், அது போதாவிட்டால் அவருக்கு வரவேண்டிய பிற தொகைகளிலிருந்தும் வசூலிக்கலாம் என்று பிரிவு கூறியது. அந்தப் பிற தொகைகளில் வேறு ஒப்பந்தங்களின் தொகைகளும் அடங்கும். கோரிக்கை என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால், கோரினாலே போதும் என்றாகிவிடும். நீதிபதி பகவதி அதை ஏற்கவில்லை. பிரிவின் தலைப்பே செலுத்தவேண்டிய தொகைகளின் வசூல் பற்றிப் பேசுவதால், அரசு எடுத்துக்கொள்ளக்கூடியது உண்மையில் கடனாக நிற்கும் தொகையை மட்டுமே, வெறும் இழப்பீட்டுக் கோரிக்கையை அல்ல என்றார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் இதன் விளைவைக் காணலாம். முதல் ஒப்பந்தத்தில் தாமதம் ஏற்பட்டதாகச் சொல்லி, துறை 8 லட்சம் ரூபாய் இழப்பு கோருகிறது; ஒப்பந்ததாரர் மறுக்கிறார். இரண்டாம் ஒப்பந்தத்தில் அவருக்கு 10 லட்சம் வரவேண்டும், அதில் சச்சரவு எதுவும் இல்லை. 1974-இன் விளக்கப்படி, முதல் கோரிக்கை தீர்மானிக்கப்படும் வரை அந்தப் 10 லட்சத்திலிருந்து 8 லட்சத்தைத் துறை வசூலித்துக்கொள்ள முடியாது.

இந்தப் பாதுகாப்பு நீடித்தது ஒன்பது ஆண்டுகளே. 1983-இல் கமாலுதீன் அன்சாரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது பிரிவு 18-இன் திருத்தப்பட்ட வடிவம். வசூலிக்கலாம் என்றிருந்த இடத்தில், கோரிக்கை முடிவாகும் வரை தொகையை நிறுத்திவைக்கவும் அதன்மீது பற்றுரிமை கொள்ளவும் அரசுக்கு உரிமை உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. அவ்வாறு நிறுத்திய காலத்துக்கு ஒப்பந்ததாரர் வட்டியோ இழப்பீடோ கேட்க முடியாது என்றும் சேர்க்கப்பட்டிருந்தது. சொற்கள் ஐயத்துக்கு இடமின்றி இருக்கும்போது தலைப்பைக் கொண்டு அவற்றைச் சுருக்கக் கூடாது என்று அமர்வு தீர்ப்பளித்து, 1974-இன் கருத்தைத் தள்ளியது. மேற்சொன்ன 8 லட்சம் இனி துறையின் கையிலேயே தங்கும், வழக்கு எத்தனை ஆண்டு ஓடினாலும். வட்டியற்ற அந்தக் காத்திருப்பே சிறு உற்பத்தியாளரைச் சமரசத்துக்குத் தள்ளப் போதுமானது என்பதைத் திருத்தத்தை எழுதியவர்கள் அறியாதிருக்க வாய்ப்பில்லை.

ஆயினும் நிறுத்திவைப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. 1987-இல் ஸ்ரீ ராமேஸ்வரா அரிசி ஆலை வழக்கில், மீறல் நடந்ததா என்பதே சச்சரவில் இருக்கும்போது ஒப்பந்தத்தின் ஒரு தரப்பான அரசு அதைத் தானே முடிவுசெய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மீறல் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் மட்டுமே அதிகாரி இழப்பைக் கணக்கிடலாம். எனவே துறையின் கடிதத்தில் நிறுத்திவைக்கப்படுகிறது என்றிருக்கிறதா, மீறலுக்காக வசூலித்து ஈடுசெய்யப்பட்டது என்றிருக்கிறதா என்பது முக்கியம். முன்னது ஒரு காவல், பின்னது துறை தனக்குத் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு.

தள்ளப்பட்ட 1974 தீர்ப்பு எளிதில் மறையவில்லை. 2016-இல் ரயில்வே சம்பந்தப்பட்ட கங்கோத்ரி எண்டர்பிரைசஸ் வழக்கில் இரு நீதிபதிகள் அதையே ஆதாரமாகக் கொண்டனர். 1983-இன் தீர்ப்பு அவர்கள் கவனத்துக்கு வரவில்லை. 2020 ஜனவரியில், குஜராத் அரசுக்கும் ஆம்பர் பில்டர்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், கங்கோத்ரி தீர்ப்பு அக்காரணத்தாலேயே முன்னுதாரணமாகாது என்று நீதிபதிகள் தீபக் குப்தாவும் அனிருத்தா போஸும் அறிவித்தனர்.