லொகேஷன் அனுப்பியும் டெலிவரி ஊழியர் வழி தெரியாமல் நிற்பது ஏன்? நம்பர் இல்லாத சந்துக்கு வழி சொல்வது எப்படி?

'அண்ணா, பிள்ளையார் கோயில் கிட்ட லெஃப்ட் எடுத்து நேரா வாங்க, மூணாவது வீடு, பச்சை கேட்.' சென்னை புறநகரில் தினமும் அனுப்பப்படும் மெசேஜ் இது. எழுதியவருக்கு இதில் எந்தக் குழப்பமும் தெரியாது. ஆனால், முதல் முறையாக அந்தப் பகுதிக்கு பைக்கில் வரும் டெலிவரி ஊழியர் இதைப் படித்த பிறகும் போன் செய்துதான் ஆக வேண்டும்.

மேப்பில் லொகேஷன் சரியாக இருந்தும் ஊழியர் ஏன் அடுத்த தெருவில் போய் நிற்கிறார்? தெருப்பெயர் பலகையும் இல்லாமல், கதவு எண்ணும் இல்லாமல் இருக்கும் சந்துக்கு எப்படி மெசேஜ் எழுத வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

மேப் எங்கே தவறுகிறது?

தாம்பரம், மாங்காடு, மேடவாக்கம் என எந்தப் புறநகரை எடுத்துக்கொண்டாலும், புதிதாக மனை பிரித்து விற்ற நகர்களில் வீட்டு முகவரி என்பது பெரும்பாலும் மனை எண்தான். மனையைப் பிரித்தபோது வரைபடத்தில் போட்ட எண் அது. 46-ம் மனையும் 48-ம் மனையும் முள்செடி மண்டிக் கிடக்கும்போது, 47 எது என்று வெளியூர்க்காரர் எண்ணிப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு 'பாரதியார் தெரு', 'அம்மன் கோயில் தெரு', '1-வது குறுக்குத் தெரு' எல்லாம் பக்கத்துப் பக்கத்து நகர்களிலும் இருக்கும்.

அதனால் எல்லோரும் மேப்பில் உள்ள பின் புள்ளியை நம்புகிறார்கள். அங்கேதான் முதல் சிக்கல். திறந்த வெளியில் செல்போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வித்தியாசத்துக்குள் இடத்தைக் காட்டும். வீட்டுக்குள், கான்கிரீட் கூரைக்குக் கீழே நின்று லொகேஷன் எடுத்தால் அந்த வித்தியாசம் பல பத்து மீட்டராகலாம். புள்ளி பின்பக்கத்துத் தெருவில் போய் விழ அது போதும்.

இதை வாட்ஸ்அப்பிலேயே கண்டுபிடிக்கலாம். லொகேஷன் அனுப்பும் பக்கத்தில் Send your current location என்ற வரிக்குக் கீழே, எத்தனை மீட்டர் துல்லியம் என்று சின்னதாக ஒரு எண் காட்டும். 50, 60 என்று இருந்தால் அனுப்பாதீர்கள். வாசலுக்கு வெளியே வந்து அரை நிமிடம் நின்றால் எண் குறையும். அப்புறம் அனுப்புங்கள்.

புள்ளி சரி, பாதை தப்பு

புள்ளி சரியாக உங்கள் மொட்டை மாடி மேலேயே இருந்தாலும் இரண்டாவது சிக்கல் ஒன்று உண்டு. மேப் செயலி வீட்டுக்கு வழி காட்டுவதில்லை. அதற்குத் தெரிந்த சாலைகளில், புள்ளிக்கு மிக அருகே வரும் இடம் வரைக்கும்தான் வழி காட்டுகிறது. உங்கள் சந்து மேப்பில் இன்னும் ஏறவில்லை, ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தார் ரோடு மேப்பில் இருக்கிறது என்று வையுங்கள். ஊழியரை அந்தத் தார் ரோட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். அவர் உங்கள் பின்பக்க மதில் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, 'சார், லொகேஷன்லதான் இருக்கேன்' என்பார். அவர் சொல்வது பொய் இல்லை.

இதை முன்கூட்டியே சோதிக்கலாம். மெயின் ரோட்டில் ஓர் இடத்தைத் தொடக்கமாக வைத்து, உங்கள் புள்ளிக்கு மேப்பில் வழி கேட்டுப் பாருங்கள். நீலக் கோடு எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். கோடு உங்கள் சந்துக்குள் வராமல் வேறு தெருவில் முடிந்து, அங்கிருந்து வீட்டுக்குச் சின்னச் சின்ன புள்ளிகளாக மட்டும் போனால், ஊழியரும் அந்த வேறு தெருவில்தான் நிற்பார்.

இதற்குத் தீர்வு எளிது. புள்ளியை வீட்டின் மேல் வைக்காமல், சந்து ஆரம்பிக்கும் முனையில் வையுங்கள். டெலிவரி செயலியில் முகவரியைச் சேமிக்கும்போதே புள்ளியை நகர்த்தி வைக்க முடியும். சந்து முனை வரைக்கும் மேப் கொண்டுவந்து விடட்டும். மிச்சம் உள்ள நூறு, இருநூறு மீட்டரை மெசேஜ் பார்த்துக்கொள்ளும்.

அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய டிஜிபின் குறியீடும் இதற்கு விதிவிலக்கு இல்லை. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த, 10 குறிகள் கொண்ட குறியீடு தருகிறது அது. வீடு எங்கே இருக்கிறது என்பதை அது துல்லியமாகச் சொல்லும். எந்தப் பக்கமாக உள்ளே வர வேண்டும் என்பதைச் சொல்லாது.

பழைய மெசேஜில் என்ன தவறு?

முதலில் பார்த்த மெசேஜுக்கு வருவோம். 'பிள்ளையார் கோயில்' என்றால் எது? ஒரே நகரில் இரண்டு மூன்று இருக்கலாம். 'லெஃப்ட்' என்பது எந்தத் திசையிலிருந்து வருபவருக்கு? எதிர்ப்பக்கமாக வந்தவருக்கு அதுவே ரைட். 'நேரா' என்றால் எவ்வளவு தூரம்? 'மூணாவது வீடு' இடது பக்கமா, வலது பக்கமா, நடுவில் இருக்கும் காலி மனையும் கணக்கில் வருமா? 'பச்சை கேட்' இரவு எட்டு மணிக்கு, தெருவிளக்கு இல்லாத சந்தில் என்ன நிறத்தில் தெரியும்?

இத்தனை கேள்விக்கும் காரணம் ஒன்றுதான். எழுதியவர் தன் வீட்டு வாசலில் நின்று வெளியே பார்த்து எழுதியிருக்கிறார். வருபவரோ வெளியிலிருந்து உள்ளே வருகிறார். மெசேஜும் அவர் வரும் வரிசையிலேயே இருக்க வேண்டும்.

சரியான மெசேஜ் எப்படி இருக்கும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தார் ரோடு. அதில் ஒரு ரேஷன் கடை, கொஞ்ச தூரத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டியதும் பெயர்ப்பலகை இல்லாத மண் சந்து. அதற்குள் வீடு. மெசேஜை இப்படி எழுதலாம்:

'1. மேப்ல ரேஷன் கடை வரைக்கும் வாங்க. அங்க வண்டியை நிறுத்திட்டு இதைப் படிங்க.
2. ரேஷன் கடை உங்க வலது கைப்பக்கம் இருக்கணும். அதே ரோட்டுல நேரா 150 மீட்டர் வாங்க. இடது பக்கம் பெரிய தண்ணி டேங்க் வரும்.
3. டேங்க் தாண்டினதும் முதல் இடது சந்து. மண் ரோடு, போர்டு கிடையாது.
4. சந்துக்குள்ள வலது பக்கம் ரெண்டாவது கேட். நடுவுல காலி மனை இருக்கு, அதை எண்ண வேணாம். கேட்ல லைட் எரியும்.
5. தார் ரோட்டுலயே போய் டிரான்ஸ்பார்மர் வந்துட்டா சந்தை தாண்டிட்டீங்க. திரும்பி வாங்க.'

முதல் வரிதான் இதில் முக்கியம். மேப் தவறாமல் கொண்டுவந்து சேர்க்கும் கடைசி இடம் எதுவோ, அங்கிருந்துதான் வழி தொடங்க வேண்டும். அந்த இடத்துக்கு மேப்பில் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் அந்த இடத்திலேயே புள்ளியை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வரியில் 'ரேஷன் கடை வலது கைப்பக்கம்' என்று சொல்லியிருப்பது திசையை உறுதி செய்யத்தான். கடை இடது பக்கம் தெரிந்தால், தான் எதிர்த்திசையில் வந்திருக்கிறோம் என்று அவருக்கே புரிந்துவிடும். இதற்குப் பிறகு வரும் இடது, வலது எல்லாம் குழப்பம் இல்லாமல் பொருந்தும்.

கடைசி வரியைப் பலரும் எழுதுவதே இல்லை. தாண்டிப் போய்விட்டால் அது தெரிவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். இல்லாவிட்டால், 'இன்னும் கொஞ்சம் போனா வரும்' என்று அவர் ஒரு கிலோமீட்டர் போய்விடுவார். அடையாளம் குறைவாக உள்ள பகுதிகளில், சந்துக்கு முன்னால் ஒன்று, சந்தைத் தாண்டி ஒன்று என இரண்டு கிடைத்தாலே போதும்.

எதை அடையாளமாகச் சொல்லலாம்?

பைக்கில் உட்கார்ந்தபடியே கண்ணில் படுவது, இருட்டிலும் தெரிவது, நாளைக்கும் அங்கேயே இருப்பது. இந்த மூன்றும் பொருந்தினால் நல்ல அடையாளம். தண்ணீர்த் தொட்டி, டிரான்ஸ்பார்மர், செல்போன் டவர், பாலம், தார் ரோடு முடிந்து மண் ரோடு ஆரம்பிக்கும் இடம், வேகத்தடை எல்லாம் இதில் வரும். தள்ளுவண்டி, நிறுத்தியிருக்கும் கார், இரவில் ஷட்டர் மூடும் கடை, 'வீடு கட்டிட்டு இருக்காங்க பாருங்க' ஆகியவை வராது.

சுற்றிலும் எதுவுமே இல்லையென்றால் அடையாளத்தை நீங்களே உருவாக்கலாம். வாசல் விளக்கைப் போடலாம். சந்து முனை மின்கம்பத்துக்குப் பக்கத்தில் செல்போன் டார்ச்சுடன் ஒருவர் நிற்கலாம். வண்டி முகப்பு விளக்கில் ஒளிரும் ஸ்டிக்கரை கேட்டில் ஒட்டினால் தினமும் உதவும்.

எப்போது, எங்கே அனுப்ப வேண்டும்?

பல உணவு டெலிவரி செயலிகளில் ஊழியரின் உண்மையான நம்பர் உங்களுக்குத் தெரியாது. இடையில் ஒரு மறைமுக நம்பர் வழியாகத்தான் அழைப்பு போகும். அந்த நம்பருக்கு வாட்ஸ்அப் லொகேஷன் அனுப்ப முடியாது. அதனால் மெசேஜை செயலியின் முகவரிக் குறிப்பிலோ, செயலிக்குள் இருக்கும் சாட்டிலோ போட வேண்டும். குறிப்பில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால், மூன்றாவது, நான்காவது வரிகளை மட்டும் அதில் வைத்துவிட்டு மிச்சத்தை சாட்டில் அனுப்பலாம்.

ஊழியர் கடையில் பார்சலுக்காகக் காத்திருக்கும்போதே அனுப்பிவிடுவது நல்லது. வண்டி கிளம்பிய பிறகு அனுப்பினால், ஓட்டிக்கொண்டே படிக்க வேண்டிய நிலைமை வரும். வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஊழியராக இருந்து தமிழ் படிக்கத் தெரியாவிட்டால், நீண்ட மெசேஜால் பயன் இல்லை. சந்து முனையையும் கேட்டையும் காட்டும் இரண்டு போட்டோக்களை அனுப்ப வசதி இருந்தால் அனுப்புங்கள். சந்து முனை போட்டோவை அவர் வரும் திசையிலிருந்து எடுக்க வேண்டும்.

அதே சமயம் 'வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்', 'சாவி பூந்தொட்டிக்கு அடியில' போன்ற தகவல்கள் வழி சொல்லும் மெசேஜில் வேண்டாம். முகவரிக் குறிப்பில் சேமித்தது, அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு ஊழியருக்கும் தெரியும். டெலிவரி ஓடிபியையும் பொருள் கைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

டெலிவரிக்கு மட்டும்தானா?

ஆர்டர் கணக்கில் சம்பாதிக்கும் ஊழியருக்கு, சந்து தேடி அலையும் 15 நிமிடம் என்பது போன பெட்ரோல், தவறிப்போன அடுத்த ஆர்டர். வீட்டில் இருப்பவருக்கு ஆறிப்போன சாப்பாடு. ஆனால் அதே வீட்டுக்கு ஒருநாள் இரவு 108 ஆம்புலன்ஸ் வர வேண்டியிருந்தால், அந்த டிரைவருக்கும் இதே ஐந்து வரிதான் தேவைப்படும். பதற்றத்தில் அதை யோசித்துச் சொல்ல வராது. ஒருமுறை எழுதி, உங்கள் பகுதி தெரியாத ஒருவரை அதை மட்டும் வைத்து வரச் சொல்லிப் பாருங்கள். அவர் போன் செய்யாமல் வந்து சேர்ந்தால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் பின் செய்து வைத்துவிடலாம். ஆம்புலன்ஸ் உள்ளே வராத அளவுக்குச் சந்து குறுகலாக இருந்தால், 'வண்டி சந்து முனை வரைதான் வரும்' என்ற வரியையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.