முறை இல்லாத சீட்டாட்டம்

ரம்மியோ 304-ஓ, நாம் ஆடி வளர்ந்த சீட்டாட்டங்களில் 'இப்ப யார் முறை?' என்பதுதான் அடிப்படை. இங்கே எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் ஆடும் 'ஸ்பிட்'டில் முறையே கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால், தனியாக உட்கார்ந்து ஆடும் 'பேஷன்ஸ்' ஆட்டத்தில் போய் நிற்கிறது!

1890களில் அமெரிக்காவின் சரடோகாவில் ரிச்சர்ட் கேன்ஃபீல்ட் சூதாட்ட விடுதி நடத்தினார். ஒரு கட்டுக்கு 50 டாலர் வாங்கிக்கொண்டு, மேலே ஏற்றும் ஒவ்வொரு சீட்டுக்கும் 5 டாலர் திருப்பிக் கொடுத்தார் என்பார்கள். போட்டதை எடுக்கவே பத்துச் சீட்டு ஏற்றணும். அவர் பெயரால் வழங்கும் அந்த ஒற்றை ஆட்டத்தை இங்கிலாந்தில் 'டெமன்' என்றார்கள். பிறகு ஆளுக்கொரு கட்டோடு, நடுவில் உள்ள பொதுக் குவியல்களில் போட்டி போட்டு ஏற்றியபோது அது 'ரேசிங் டெமன்' ஆனது. ஸ்பிட், ஸ்பீட் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஸ்பிட்டில் ஆளுக்கு 26 சீட்டு. 1, 2, 3, 4, 5 என ஐந்து அடுக்காக 15 சீட்டு. மேல் சீட்டு மட்டும் திறந்திருக்கும். மீதி 11 கையில். 'ஸ்பிட்' என்று சொல்லி ஆளுக்கொன்று நடுவில் திறந்ததும், அதற்கு ஒன்று கூடவோ குறையவோ உள்ள சீட்டை இறக்கலாம். ஜாதி பார்க்க வேண்டாம். ஒரு கைதான், ஒரு தடவைக்கு ஒரு சீட்டுதான். இருவருக்கும் வழி அடைத்தால் மறுபடி 'ஸ்பிட்'.

வேகம் கையில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது கண்ணில் இருக்கிறது. நடுவில் 7, ராணி. உங்களிடம் 8, 9, 10, ஜாக்கி, ராஜா. அவசரக்காரர் ராணி மேல் ஜாக்கி, 10, 9, 8 என்று இறங்குவார். நடுவில் 7, 8 நிற்கும், ராஜா மாட்டிக்கொள்ளும். பார்த்து ஆடுபவர் முதலில் ராணி மேல் ராஜாவைப் போட்டுவிட்டு, 7 மேல் 8, 9, 10, ஜாக்கி ஏற்றுவார். ஐந்தும் காலி! போக இடம் குறைந்த சீட்டுக்கே முதலிடம். ஓட்டம் முடிந்த பிறகு அடியில் உள்ளதைத் திருப்பினால் போதும். நடுவில் நிறுத்தித் திருப்பினால் அந்த இடைவெளியில் எதிராளி புகுந்துவிடுவார்.

என் மகளிடம் அடிக்கடி தோற்பதால் தெரிந்துகொண்ட இன்னொன்று. அடுக்குகள் தீர்ந்ததும் இருவரும் ஒரு குவியலைத் தட்டி எடுக்க வேண்டும். சின்னது கிடைத்தவருக்கு லாபம், கட்டு முழுவதையும் தீர்ப்பதுதானே வெற்றி. அதனால் இரண்டிலும் போட வழி இருந்தால் அவள் பெரிய குவியலிலேயே போடுகிறாள். இன்னொன்று நாலைந்து சீட்டோடு சிறுத்தே கிடக்கும். கடைசிச் சீட்டு விழும்போது அவள் கண் அங்கேதான் இருக்கும் :-)

யார் கை முதலில் பட்டது என்ற சண்டை மட்டும் தீரவே தீராது. உள்ளங்கை அடியில் இருப்பவருக்கே சீட்டு என்று எங்கள் வீட்டில் முடிவு. உங்கள் வீட்டில் எப்படி?